கானாங்கெளுத்தி, கெளுத்தி அல்ல

கோலசிலாங்கூர் மீன்கடைத் தமிழ், ஆங்கில விலைப்பட்டியலுக்குப் போகும்போது மீனே மாறிவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஒரு மீன் வியாபாரியின் சீட்டை எடுத்துக்கொள்வோம். விடிகாலையில் பாசிர் பெனாம்பாங் படகுத்துறையில் சரக்கெடுத்து, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களுக்கு வேனில் கொண்டுபோய் விற்பவர் அவர். சீட்டில் தமிழில் இப்படி எழுதியிருக்கிறது: கானாங்கெளுத்தி, சீலா, வவ்வால், காலா, பால் சுறா, விரால், கத்தாளை. தோட்டத்தில் இதை யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை. பெட்டியின் மூடியைத் திறந்தால் மீன் தெரிகிறது; பேரம் நடக்கிறது; முடிந்தது. ஆனால் இப்போது கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கைப்பேசியில் ஆர்டர் வருகிறது. வார இறுதியில் ஜெராமுக்கும் செகிஞ்சானுக்கும் வருகிறவர்கள் கடை வாசலில் ஆங்கிலப் பட்டியலைத் தேடுகிறார்கள். பிள்ளைகளில் யாரையாவது கூப்பிட்டு, "இத இங்கிலீஷ்ல போட்டுக் குடுப்பா" என்கிறார் வியாபாரி. அந்தப் பிள்ளை அகராதியைத் திறக்கிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கெளுத்திக்கு அகராதி சொல்வது கேட்ஃபிஷ். அது சரிதான். ஆனால் கானாங்கெளுத்தி கெளுத்தி இனமே அல்ல. நம் தோட்டத்து வீடுகளில் கெம்போங் என்று சொல்கிறோமே, அந்த மீன்தான் அது. மேக்கரல் குடும்பம். சென்னைப் பக்கம் கானாங்கெளுத்தி, காணாங்கத்தை என்றும், குமரிக் கரையில் அயிலை என்றும், இலங்கையில் கும்பிளா என்றும் வழங்குவது இதுவே. ஆந்திரக் கரையில் கனகுர்த்தா. மருத்துவரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளருமான பேட்ரிக் ரஸல் விசாகப்பட்டினத்தில் சேகரித்த 200 மீன்களைப் படம் வரைவித்து 1803ல் நூலாக வெளியிட்டார். உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயர்களையே மீன்களுக்குத் தலைப்பாகப் போட்டார். அந்தக் கனகுர்த்தாவைத்தான் 1816ல் பிரெஞ்சு அறிஞர் க்யூவியே அறிவியல் பெயருக்குள் எடுத்துக்கொண்டார். ரஸ்ட்ரெல்லிஜர் கனகுர்டா என்று உலகமே இன்று எழுதுகிறது. நம் கரையின் பெயர் அறிவியலில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, நாமே அதைக் கேட்ஃபிஷ் என்று மாற்றிப் போடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

இதனால் வரும் தீங்கு உடம்பிலும் தெரியும். கெம்போங், தெங்கிரி, சூரை ஆகியவை ஒரே குடும்பத்து மீன்கள். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் மிகுதி. பிடித்த மீனை உடனே ஐஸில் வைக்காமல் வெயிலில் கிடத்தினால், நுண்ணுயிரிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த மீனைத் தின்றால் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. ஒருமுறை இப்படிப் பட்டவர்கள் அதன் பிறகு மேக்கரல் பக்கமே போகமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவர் கேட்ஃபிஷ் என்று நம்பி ஒரு கிலோ கானாங்கெளுத்தி வாங்கிப் போனால்? அதேபோல், செதில் இல்லாத மீனை வீட்டில் சேர்க்காத குடும்பங்கள் உண்டு. அவர்கள் கேட்ஃபிஷ் என்ற சொல்லைப் பார்த்ததும் நல்ல கெம்போங்கை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கடைக்காரருக்கும் நட்டம், வாங்குபவருக்கும் நட்டம்.

தோட்டத்துத் தமிழில் இந்தக் குழப்பம் வர ஒரு காரணம் இருக்கிறது. நம் முன்னோரில் பெரும்பகுதியினர் சேலம், திருச்சி, தஞ்சாவூர், ஆற்காடு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலருக்குத் தெரிந்த மீன் ஏரி மீனும் ஆற்று மீனும்தான். கெண்டை, கெளுத்தி, விரால், குரவை, ஆரால் என்று நன்னீர் மீன்களின் பெயர்களோடு கப்பலேறினார்கள். இங்கே மலாக்கா நீரிணையின் கடல் மீன் தட்டில் விழுந்தது. விற்க வந்தவர்களோ பெரும்பாலும் மலாய்க்காரரும் சீனரும். ஆகவே கடல் மீன்களில் பலவற்றுக்கு மலாய்ப் பெயரே வீட்டுப் பெயராயிற்று. கெம்போங், தெங்கிரி, செனாங்கின், பிலிஸ் என்று பாட்டிமார் சொன்னதற்கு அதுவே காரணம். 1917ல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட தெனமாரம் தோட்டம் பெஸ்தாரி ஜெயா பக்கம்தான் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் வஞ்சிரம் என்றால் யோசிப்பார்கள். தெங்கிரி என்றால் உடனே புரியும். கானாங்கெளுத்தி, வஞ்சிரம், சங்கரா போன்ற சொற்கள் பிற்பாடு சினிமா, தொலைக்காட்சிச் சமையல், தமிழ்நாட்டிலிருந்து வந்த உணவகச் சமையல்காரர்கள் வழியாகத் திரும்ப நுழைந்தன. இரண்டு தமிழும் இப்போது ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன.

என்னைக் கேட்டால், இந்த மலாய்ப் பெயர்தான் நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல பாலம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நேரே தாவாமல் மலாய் வழியாகப் போக வேண்டும். படகுத்துறையில் ஏலம் கூறுவது மலாய்ப் பெயரிலும் சீனப் பெயரிலும்தான். மீன்வளத் துறை ஒவ்வொரு மலாய்ப் பெயருக்கும் அறிவியல் பெயரை இணைத்து வைத்திருக்கிறது.  அறிவியல் பெயர் கையில் வந்துவிட்டால், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ. அந்த இனத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த அமைப்பின் பட்டியலில் ஒவ்வொரு இனத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றும் உண்டு. நான் சொன்ன கனகுர்டாவின் குறியீடு RAG. ஆங்கிலப் பெயர் இந்தியன் மேக்கரல்.

கெம்போங் ஒன்றல்ல என்பதும் இந்த வழியில்தான் தெரியவருகிறது. நம் கரையில் கிடைக்கும் கெம்போங்கில் இரண்டு முக்கியம். ஒன்று இந்தியன் மேக்கரல். மற்றது ரஸ்ட்ரெல்லிஜர் பிரக்கிசோமா. இதன் ஆங்கிலப் பெயர் ஷார்ட் மேக்கரல், குறியீடு RAB. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷார்ட் மேக்கரல் குட்டையாக, வயிறு அகன்று, உடம்பு உயரமாக இருக்கும். இந்தியன் மேக்கரல் சற்று நீண்டு உருண்டிருக்கும். முதுகோரம் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும். கன்னத்துச் செட்டையைத் தூக்கிப் பார்த்தால் அதன் கீழ்விளிம்பருகே ஒரு கரும்புள்ளி தெரியும். சந்தைக் கூடையில் இரண்டும் கலந்துதான் வருகின்றன. கலந்து வந்தால் பிரிக்கப் பாடுபட வேண்டாம். இப்படிக் கலந்த சரக்குக்கென்றே எஃப்.ஏ.ஓ. பொதுப் பெயர் ஒன்று வைத்திருக்கிறது: இந்தியன் மேக்கரல்ஸ், குறியீடு RAX. பட்டியலில் அதைப் போட்டால் பொய்யில்லை.

வெறும் மேக்கரல் என்று மட்டும் போடுவது சரிப்படாது. கெம்போங்கும் மேக்கரல், தெங்கிரியும் மேக்கரல். விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒற்றைச் சொல்லைப் பார்த்துத் தெங்கிரி என்று நினைத்து ஆர்டர் கொடுத்தவருக்குக் கெம்போங் போய்ச் சேர்ந்தால், அவர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். பொருளைத் தவறாக வர்ணித்து விற்பது 2011ஆம் ஆண்டு வணிக வர்ணனைச் சட்டப்படி இங்கே குற்றம்.

சீலாவின் இரண்டு கரைகள்

அடுத்தது சீலா. இதில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் தவறு அகராதியில் இல்லை, கரையில் இருக்கிறது. தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து மீனவர் சீலா என்றால் சென்னைக்காரர் வஞ்சிரம் என்கிற மீன், அதாவது நம் தெங்கிரி. யாழ்ப்பாணத்தில் அதே மீனுக்கு அறுக்குளா என்று பெயர். அங்கே சீலா என்றால் நீண்ட வாயும் கோரைப் பல்லும் உள்ள வேறொரு மீன். ஆங்கிலத்தில் பாரகூடா, மலாயில் அலு-அலு. தமிழ்நாட்டிலும் பல துறைகளில் பாரகூடாவைச் சீலா என்றும் ஊளி என்றும் சொல்வார்கள். நம் ஊரில் இலங்கைத் தமிழர் வழிவந்த குடும்பங்களும் இருக்கின்றன, தமிழகத்தின் தென்கரையிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சீலா என்ற சொல்லைக் கேட்டு ஆங்கிலத்தில் எதையும் எழுதக்கூடாது. மீனைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பார்ப்பது எளிது. முழு மீன் இருந்தால் முதுகுக்கும் வாலுக்கும் இடையில் பாருங்கள். தெங்கிரிக்கு அங்கே மேலும் கீழுமாகச் சின்னச் சின்னச் செட்டைத் துண்டுகள் வாள்பல் போல வரிசையாக நிற்கும். பாரகூடாவுக்கு அவை கிடையாது. அதன் முதுகில் இரண்டே செட்டைகள், ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி நிற்கும்; கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். இத்தனையும் மீன் முழுதாக இருக்கும்போது பார்க்க வேண்டியவை. துண்டு போட்டு ஐஸில் அடுக்கிய பிறகு வந்து கேட்டால், துறையில் அதை என்ன பெயரில் வாங்கினார் என்று வியாபாரியைக் கேட்பதைத் தவிர வழியில்லை. ஆகவே பெயர் எழுதும் வேலை கத்தி படுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

தெங்கிரி என்று உறுதியான பிறகும் ஒரு படி மிச்சமிருக்கிறது. தெங்கிரி பாத்தாங், தெங்கிரி பாப்பான் என்று மலாயில் இரண்டாகப் பிரிப்பார்கள். பாத்தாங்கின் உடம்பில் குறுக்கே அலையலையான மெல்லிய பட்டைகள் நிறைய இருக்கும். பக்கவாட்டில் ஓடும் நரம்புபோன்ற கோடு, பின்முதுகுச் செட்டை முடியும் இடத்தில் சட்டென்று கீழே இறங்கும். இதன் ஆங்கிலப் பெயர் நேரோ-பார்ட் ஸ்பானிஷ் மேக்கரல், குறியீடு COM. பாப்பானில் பட்டை இல்லை, வரிசையாகப் புள்ளிகள். பக்கக் கோடு சட்டென்று இறங்காமல் மெதுவாக வளைந்து போகும். அது இந்தோ-பசிபிக் கிங் மேக்கரல், குறியீடு GUT. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பிரிவு நன்றாகத் தெரியும். பொரிக்க எது, குழம்புக்கு எது என்று பார்த்துத்தான் கேட்பார்கள். கடை வாசலில் நடக்கும் இந்தப் பேச்சு ஆங்கிலப் பட்டியலில் மட்டும் காணாமல் போக வேண்டுமா?

மலாய்ப் பெயரைப் பாலம் என்றேன். அந்தப் பாலத்திலும் ஒரு பலகை இளகியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தவறு. சூரையை நாம் தொங்கோல் என்கிறோம். அறிவியல் பட்டியலில் துன்னஸ் டொங்கோல் என்று ஒரு மீன் இருக்கிறது. ஒலி ஒத்துப்போகிறதே என்று அதை எடுத்துப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் சந்தையில் நாம் சாதாரணமாகத் தொங்கோல் என்று வாங்குவது யூதின்னஸ் அஃபினிஸ் என்ற சிறிய சூரை. ஆங்கிலத்தில் அது கவகவா, குறியீடு KAW. டொங்கோல் என்ற அறிவியல் பெயரை 1851ல் ப்ளீக்கர் வைத்தார். அந்த மீன் ஆங்கிலத்தில் லாங்டெயில் டூனா, குறியீடு LOT. மலாயில் ஆயா ஹீத்தாம். வேறுபாடு காண முதுகைப் பாருங்கள். கவகவாவின் முதுகில் பின்பகுதியில் சாய்ந்த கருங்கோடுகள் கோலம் போட்டதுபோல் ஓடும். நெஞ்சருகே சில கரும்புள்ளிகள் இருக்கும். லாங்டெயிலுக்கு முதுகு ஒரே கருநீலமாக வெறுமையாக இருக்கும்.

வவ்வால் என்ற பெயரில் எத்தனை மீன்

வவ்வால் மீனை அகராதி பார்த்து எழுதினால் பேட்ஃபிஷ் ஆகிவிடும். பேட்ஃபிஷ் என்று ஆங்கிலத்தில் உண்மையிலேயே வேறொரு மீன் இருக்கிறது. நாம் சொல்வது வாவல், மலாயில் பாவால், ஆங்கிலத்தில் பாம்ஃப்ரெட். இவ்வளவோடு முடிந்தால் நல்லது. ஆனால் சந்தையில் வாவல் என்ற பெயரின் கீழ் ஐந்து மீன்களாவது விற்கின்றன. அவை ஒரே குடும்பத்து மீன்களும் அல்ல.

வெள்ளை வாவலில் இரண்டு உண்டு. பாவால் பூத்தே என்பது சில்வர் பாம்ஃப்ரெட். வால் ஆழமாகப் பிளந்து, கீழ்முனை மேல்முனையைவிட நீண்டிருக்கும். பாவால் தம்பாக் என்பது சைனீஸ் சில்வர் பாம்ஃப்ரெட். உடம்பு இன்னும் அகலம். வால் அவ்வளவு ஆழமாகப் பிளக்காது. முனைகள் ஏறக்குறைய சமம். சீனப் பெருநாள் நெருங்கும்போது அதன் விலையைக் கேட்டாலே தெரிந்துவிடும், இரண்டும் ஒன்றல்ல என்று. கறுப்பு வாவலோ ஆங்கிலத்திலும் பிளாக் பாம்ஃப்ரெட்தான், ஆனால் உறவு முறையில் அது பாறை மீனின் குடும்பம். வால் ஒடுங்கும் இடத்தைக் கையால் தடவினால் தடித்த செதில்கள் முகடாகத் தட்டுப்படும். வெள்ளை வாவலில் அந்த இடம் வழுவழுவென்று இருக்கும். இருட்டுக் கடையிலும் விரலால் கண்டுபிடிக்கலாம்.

குளத்தில் வளர்த்துப் பாவால் எமாஸ் என்று விற்பது ஸ்னப்நோஸ் பாம்பனோ. கோல்டன் பாம்ஃப்ரெட் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சொல்லைப் பார்த்து வாங்குகிறவர் அதை வெள்ளை வாவலின் தம்பி என்று நினைப்பார், அதனால் பாம்பனோ என்றே எழுதச் சொல்வேன். நன்னீர்ப் பாவால் இன்னும் தூரம். அது தென்னமெரிக்க ஆற்று மீனான பாக்கு. வாயைத் திறந்தால் மனிதப் பல்லைப்போல் தட்டையான பற்கள். முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவே சதைமடிப்புபோல் குட்டிச் செட்டை ஒன்று நிற்கும். கடல் வாவல் எதற்கும் அது கிடையாது. பாக்குவுக்குப் பாம்ஃப்ரெட் என்று ஒருவர் எழுதினால், தெரிந்தே செய்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பாறையைக் குறிப்பிட்டதால் ஒரு வார்த்தை. அதை ராக்ஃபிஷ் என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறோம். அது ட்ரெவல்லி. வாளை என்பதற்கும் ஒற்றை ஆங்கிலச் சொல் கிடையாது. வெள்ளித்தகடுபோல் நீண்டு, வால்செட்டையே இல்லாமல் முடிவது சாவாளை. மலாயில் தீமா, ஆங்கிலத்தில் ஹேர்டெயில். உள்ளே மயிரிழை முட்கள் நிறைந்தது முள்ளுவாளை. மலாயில் பாராங், ஆங்கிலத்தில் உல்ஃப் ஹெர்ரிங். சீனர் மீனுருண்டைக்குச் சதையைச் சுரண்டியெடுப்பது இதிலிருந்துதான். ஆற்றுவாளையோ கெளுத்தி இனம், மலாயில் தாப்பா.

காலா மீனுக்கு வருவோம். மலாயில் செனாங்கின், அதன் உறவில் குராவ். ஆங்கிலத்தில் த்ரெட்ஃபின். கன்னத்துச் செட்டையின் கீழே நூல்நூலாகத் தொங்கும் இழைகளால் வந்த பெயர் இது. செனாங்கினில் பக்கத்துக்கு நான்கு இழைகள் இருக்கும், ஆகவே ஃபோர்ஃபிங்கர் த்ரெட்ஃபின், குறியீடு FOT. இந்தியாவில் இதையே வியாபாரிகள் இந்தியன் சால்மன் என்று எழுதும் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. அந்த வழக்கத்தை நம் பட்டியலில் ஏற்றக்கூடாது. நார்வேயிலிருந்து வரும் செந்நிறச் சால்மன் பக்கத்துப் பேரங்காடியிலேயே கிடைக்கும் நாடு இது. இந்தியன் சால்மன் என்று படிக்கிறவர், மசாலா தடவிய சால்மன் என்றுகூட நினைத்துக்கொள்வார். நம்முடைய காலா உப்புக்கண்டமானால் சந்தையில் உயர்ந்த விலைபோகும் மீன். அதற்கு வேறொரு மீனின் புகழைக் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

பால் சுறா ஒன்றுதான் அகராதிக்கும் சந்தைக்கும் சண்டை மூட்டாத பெயர். ஆங்கிலத்தில் மில்க் ஷார்க் என்றே ஓர் இனம் இருக்கிறது, ரைசோப்ரியோனொடான் அகுடஸ். அதன் சதையைத் தின்றால் தாய்ப்பால் சுரக்கும் என்று இந்தியாவில் நம்புவதை வைத்தே ஆங்கிலத்திலும் அந்தப் பெயர் நிலைத்தது. பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப்புட்டு கிண்டும் நம் வழக்கம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் சந்தையில் சின்னதாக இருக்கும் எல்லாச் சுறாவுக்கும் பால் சுறா என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அவற்றில் கடலடியில் படுத்துக் கிடக்கும் மூங்கில் சுறாவும் ஒன்று; மலாயில் யூ சீச்சாக். அதன் இரு முதுகுச் செட்டைகளும் உடம்பின் பின்பாதியில், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மில்க் ஷார்க்கின் முன்செட்டை பெரியது, நடுமுதுகுக்கு முன்பே நிற்கும். பின்செட்டை மிகச் சிறியது. தலையும் செட்டையும் வெட்டி உருட்டி வந்த சுறாவாக இருந்தால் ஸ்மால் ஷார்க் என்று எழுதுங்கள். மில்க் ஷார்க் என்று போடாதீர்கள்.

விராலுக்கு ஹாருவான் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவருக்கும், பிரசவமான பெண்ணுக்கும் விரால் சாறு வைத்துக் கொடுப்பது இன மதம் பார்க்காத வழக்கம். தஞ்சோங் காராங் வயல் வாய்க்கால்களிலும் பழைய ஈயக்குட்டைகளிலும் இன்னும் அகப்படுகிறது. இந்திய ஆங்கிலத்தில் மரல் என்பார்கள், இங்கே அது யாருக்கும் விளங்காது. ஸ்ட்ரைப்ட் ஸ்நேக்ஹெட் என்று எழுத வேண்டும். ஸ்நேக்ஹெட் என்று மட்டும் எழுதினால் தோமான் என்ற பெரிய மீனும் அதற்குள் வந்துவிடும். தோமானின் ஆங்கிலப் பெயர் ஜயன்ட் ஸ்நேக்ஹெட். தோமானை ஃபில்லட் போட்டுவிட்டால் விராலோடு மாற்றிவிடலாம். காயம் ஆறும் என்று நம்பி விராலுக்கு விலை கொடுப்பவர் கையில் அது போவது நியாயமல்ல. விராலை உயிரோடு அல்லது தோலோடு வாங்குவதே பாதுகாப்பு. இந்த வரிசையில்தான் நிஜக் கெளுத்தி வரும்: மலாயில் கெலி, ஆங்கிலத்தில் வாக்கிங் கேட்ஃபிஷ். கடலில் கிடைக்கும் இருங்கெளுத்தி செம்பிலாங், அதாவது ஈல்டெயில் கேட்ஃபிஷ். கேட்ஃபிஷ் என்ற ஒற்றைச் சொல்லைக்கூட நாடுகள் விட்டுக்கொடுப்பதில்லை. வியட்நாம் மீனுக்கு அந்தப் பெயர் போகக்கூடாது என்று அமெரிக்கா தன் 2002 வேளாண் சட்டத்திலேயே எழுதிவைத்தது. சார்டின் என்ற பெயருக்காகப் பெரு ஐரோப்பிய ஒன்றியத்தின் மீது உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, அதே 2002ல் வென்றது.

சீட்டில் மிச்சமிருப்பது கத்தாளை. மலாயில் கெலாமா. உப்பில் காய்ந்து தோட்டத்து வீடுகளில் கருவாடாக வாழ்ந்த மீன். இந்த நாட்டு ஆங்கிலத்தில் ஜூஃபிஷ் என்று எழுதும் பழக்கம் உண்டு. அமெரிக்காவில் ஜூஃபிஷ் என்பது ஆளுயரம் வளரும் ஒரு களவா மீனின் பெயராக இருந்தது. ஓர் இனத்தாரைக் குறிக்கும் சொல் என்பதால் அமெரிக்க மீன்வளச் சங்கம் 2001ல் அதைக் கோலியாத் குரூப்பர் என்று மாற்றியது. ஆகவே நமக்குக் குரோக்கர் என்பதே ஏற்றது. தண்ணீரிலிருந்து தூக்கினால் கொர்கொர் என்று குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது.

எந்தக் குரோக்கர் என்பதுதான் கடினம். ஒரு கூடை கெலாமாவில் நான்கைந்து இனங்கள் சேர்ந்து கிடக்கும். பலவற்றைப் பிரிக்க, உள்ளே இருக்கும் காற்றுப்பையின் வடிவத்தையும் காதுக் கல்லையும் பார்க்க வேண்டியிருக்கும். இந்தக் குடும்பத்தின் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயர். தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற சமயப் பணியாளர் மீன்களையும் அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் பெர்லினுக்கு அனுப்ப, அங்கே ப்ளோக் 1793ல் அவர் பெயரையே வைத்தார். அதில் ஓர் இனம் ஜானியஸ் கருட்டா. நம்முடைய கருத்த கத்தாளைதான் அது. நாம் விரும்பி வாங்கும் ஜெனாஹாக்கின் அறிவியல் பெயரிலும் அதே ஜான் இருக்கிறார்: லுட்ஜானஸ் ஜானி, ஆங்கிலத்தில் ஜான்ஸ் ஸ்னாப்பர். அதை ரெட் ஸ்னாப்பர் என்று எழுதக்கூடாது. இக்கான் மேரா முழுவதும் செம்மையாக இருக்கும். ஜெனாஹாக் பொன்னும் வெள்ளியுமாக மின்னும். இளசாக இருந்தால் முதுகருகே பெரிய கரும்புள்ளி ஒன்று இருக்கும்.

கலந்த கூடைக்கு எஃப்.ஏ.ஓ. கொடுத்திருக்கும் குறியீடு CDX. வேறெங்கும் தனியே குறிக்கப்படாத குரோக்கர்கள் என்று அதற்குப் பொருள். ஆகவே நம் வியாபாரியின் கடைசி வரியில் தமிழில் கத்தாளை, மலாயில் கெலாமா, ஆங்கிலத்தில் மிக்ஸ்ட் குரோக்கர்ஸ் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம். மற்ற வரிகளுக்கும் இதே மூன்று பத்திகள்தான். அறிவியல் பெயரைக் கடைக்காரர் தம் நோட்டில் வைத்துக்கொண்டால் போதும். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். பத்திகளுக்குப் பக்கத்தில் அன்றன்று விலை எழுத ஓர் இடம் விட்டு, அட்டையை நெகிழியில் ஒட்டிக்கொடுத்தால் ஐஸ் தண்ணீர் பட்டாலும் கரையாது.